ஒப்பந்தம் முடியமுன் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார், என்ன பதில் கொடுக்கலாம்?

கோண்டாவிலில் நாங்கள் இருக்கும் வீட்டின் ஒப்பந்தம் மாசி முடியும்வரை, நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்தது, இடையில் எழுப்பலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. இப்ப வீட்டுக்கார ஐயா, கனடாவிலிருந்து மகள் குடும்பம் வருகுது, ஆவணியோட விட்டுத்தாங்கோ என்கிறார். நல்ல மனுசன், சண்டை பிடிக்க விருப்பமில்லை. ஆனால் என் மகளுக்குக் கார்த்திகையில் உயர்தரப் பரீட்சை.

வாடகை 25,000 ரூபா. முற்பணமாகக் கொடுத்த 150,000 இல் மாதம் 12,500 கழிகிறது, இன்னும் 100,000 அவரிடம் நிற்குது. புது வீட்டுக்காரரும் ஆறு மாத முற்பணம் கேட்பார், அதை உடனே எங்கே புரட்டுவது?

இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

“ஐயா, ஆவணியில் விட எங்களால் ஏலாது. பரீட்சை முடிய, மார்கழிக் கடைசியில் விடுகிறோம். ஒப்பந்தத்துக்கு முன்னமே எழும்புவதால் லொறிக்கூலியையும் தூக்குக்கூலியையும் நீங்கள் தரவேண்டும். கழியாத முற்பணத்தில் பாதியை வேறு வீடு பேசும்போதும் மீதியைத் திறப்பு தரும் அன்றும் தாங்கோ.”

அவர் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் இதையும் எழுதிக் கையெழுத்து வாங்க நினைக்கிறேன். கூலியைத் தொகையாகவே போடலாமா, பற்றுச்சீட்டின்படி என்று எழுதலாமா? அண்மையில் கோண்டாவில் பக்கமிருந்து வீடு மாறினவர்கள் லொறிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கோ.