சந்தேகம்: புனே டூர் க்ளெய்ம் திரும்பி வந்துவிட்டது, எப்படிப் பிரித்து எழுதுவது?

பம்ப்_கதிர்

வணக்கம். அம்பத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். போன மாதம் புனே பக்கம் சாக்கனில் ஒரு கஸ்டமர் சைட்டுக்கு அனுப்பினார்கள். திங்கள் காலை கிளம்பி வியாழன் திரும்புவதாகத்தான் டூர் அப்ரூவல். அங்கே மோட்டாருக்கும் பம்ப்புக்கும் அலைன்மென்ட் சரியாக வரவில்லை. மேனேஜர் போனில் "ஒரு நாள் இருந்து முடிச்சுட்டு வா" என்றார். வெள்ளி இரவு திரும்பினேன்.

விமான டிக்கெட் கம்பெனியே போட்டது. மற்றதற்கு அட்வான்ஸ் 15,000 வாங்கியிருந்தேன். நான் போட்ட க்ளெய்ம் இது:

ஹோட்டல் பில் 14,120
பேட்டா, 5 நாள், 800 வீதம் 4,000
கேப் 3,460
ஆட்டோ (பில் இல்லை) 540
டிக்கெட் தேதி மாற்றிய கட்டணம் 2,850
சைட்டில் வாங்கிய கேஸ்கெட், போல்ட் 1,280
மொத்தம் 26,250

நோக்கம் என்ற இடத்தில் "கஸ்டமர் விசிட், புனே" என்று எழுதினேன். எல்லா பில்லையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி இணைத்தேன். மூன்று வாரம் கழித்து "ஆதாரங்கள் பொருந்தவில்லை, நோக்கம் தெளிவில்லை, ஒப்புதல் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த வரியில் பிரச்சினை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ரூபாயும் நான் உண்மையிலேயே செலவழித்தது. எப்படி எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள்?

தணிகை71

தம்பி, ஹோட்டல் பில்லில் கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா பாருங்க. இல்லாவிட்டால் அந்த பில்லே செல்லாது. ஹோட்டலுக்கு மெயில் போட்டு நம்பரோடு புது இன்வாய்ஸ் வாங்குங்க, மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். எங்க ஆபீசில் இது ஒன்றுக்காகவே பாதி க்ளெய்ம் திரும்புகிறது.

வவுச்சர்மீனா

கதிர், நான் பல வருடமாக அக்கவுண்ட்ஸில் டூர் பில் பார்க்கிறேன். உங்கள் செலவில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னால் கையெழுத்துப் போட முடியாது. காரணத்தை வரி வரியாகச் சொல்கிறேன்.

முதலில் ஹோட்டல் பில்லைப் பிரியுங்கள். 14,120 என்று ஒரே வரியாக வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நான்தான் தேட வேண்டும். அறை வாடகை, அதற்கான வரி, ரூமில் போட்ட சாப்பாடு, துணி துவைத்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். சாப்பாடு அந்த பில்லில் இருந்தால் பெரிய சிக்கலே அதுதான். பேட்டா என்பது சாப்பாட்டுக்காகக் கொடுப்பது. பேட்டாவையும் வாங்கி ஹோட்டல் சாப்பாட்டையும் கேட்டால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியாது.

அடுத்து கேஸ்கெட், போல்ட். அது பயணச் செலவே இல்லை. அந்த வேலைக்கான பொருள் செலவு. டூர் க்ளெய்மில் சேர்த்தால் தவறான கணக்குத் தலைப்பில் போய் விழும், கஸ்டமரிடம் அதற்குப் பணம் கேட்க வேண்டியிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. சர்வீஸ் கால் நம்பர் போட்டுத் தனி வவுச்சராகக் கொடுங்கள்.

தணிகை சார் சொன்னதில் ஒரு பகுதி சரி. பில் கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி. நம்பரோடு இருப்பது நல்லதுதான். ஆனால் புனே ஹோட்டல் போடுவது மகாராஷ்டிராவின் மாநில வரியும் அதோடு சேர்ந்த மத்திய வரியும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு வைத்திருக்கும் கம்பெனி அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. நம்பர் இல்லாததால் உங்கள் செலவு பொய்யாகிவிடாது. நம்பர் உண்மையில் முக்கியமாவது விமான டிக்கெட்டில். அங்கே பயணச் சேவையைப் பெறுவது பதிவு பெற்ற கம்பெனி என்றால், கம்பெனி இருக்கும் மாநிலத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் அந்த வரியைத் திரும்ப எடுக்கலாம். நீங்கள் கட்டிய 2,850க்கு விமான நிறுவனத்தின் தளத்தில் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் தனியாக இறக்க முடியும். கார்டில் பணம் போன மெசேஜ் போதாது.

ஹோட்டல் பில்லின் விவரத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

சுந்தரம்_ரிடையர்டு

நான் மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவன். டூர் முடிந்து 60 நாளுக்குள் பில் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். முன்பு ஒரு வருடம் இருந்தது, 2018இல் குறைத்துவிட்டார்கள். என் நண்பர் ஒருவர் போர்டிங் பாஸைத் தொலைத்துவிட்டு அலைந்தார். நீங்களும் உடனே கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பே லெவல் என்ன? அதை வைத்துத்தான் ஹோட்டல் உச்சவரம்பு.

வவுச்சர்மீனா

சார், அந்த 60 நாள் அரசு ஊழியர்களுக்கு. கதிர் தனியார் கம்பெனி, அவர்களுடைய டிராவல் பாலிசியில் என்ன கெடு என்று பார்க்க வேண்டும். போர்டிங் பாஸ் விஷயம் மட்டும் இவருக்கும் பொருந்தும். டிக்கெட் வாங்கியதற்கு டிக்கெட் சாட்சி, பயணம் செய்ததற்கு போர்டிங் பாஸ்தான் சாட்சி.

பம்ப்_கதிர்

நன்றி மேடம். ஹோட்டல் பில்: அறை 3,000 வீதம் 4 இரவு 12,000. வரி 5% 600. ரூம் சாப்பாடு 1,170. லாண்டரி 350. பாலிசியில் அறைக்கு வரி நீங்கலாக 3,000 வரை போகலாம்.

அப்ரூவல்தான் புரியவில்லை. டூர் அப்ரூவல் சிஸ்டத்தில் இருக்கிறதே, அவர்களே பார்க்கலாமே? கூடுதல் நாளுக்கு எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது மேனேஜரிடம் பழைய தேதி போட்டு ஒரு மெயில் வாங்கிவிடலாமா?

வவுச்சர்மீனா

பழைய தேதி போட வேண்டவே வேண்டாம். நியாயமான செலவைப் பொய்க் கணக்காக மாற்றிவிடுவது அந்த ஒரு மெயில்தான். மெயிலுக்கு அதன் சொந்த நேரம் இருக்கிறது, மறைக்க முடியாது.

அதற்குப் பதில் நீங்களே இன்று மேனேஜருக்கு எழுதுங்கள். "புதன் மாலை போனில் நீங்கள் சொன்னபடி வியாழன் இரவும் சாக்கனில் தங்கி அலைன்மென்ட் வேலையை முடித்தேன். இதனால் ஒரு இரவு அறை வாடகை வரியோடு 3,150, ஒரு நாள் பேட்டா 800, டிக்கெட் மாற்றியது 2,850, மொத்தம் 6,800 கூடுதலாக ஆனது. பின்னேற்பு ஒப்புதல் தர வேண்டுகிறேன்." அவர் அதற்கு "ஒப்புதல்" என்று ஒரு வரி பதில் போட்டால் போதும். பிறகு வாங்கியது பிறகு வாங்கியதாகவே தெரியட்டும், அதை ஏற்பார்கள். கஸ்டமர் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட் இருந்தால் அதையும் வையுங்கள். வெள்ளிக்கிழமை தேதியோடு அவர்கள் கையெழுத்து இருப்பதை விட நல்ல சாட்சி கிடையாது.

சிஸ்டத்தில் இருக்கிறதே என்று கேட்டீர்கள். இருக்கிறது, வியாழன் வரைக்கும். நான் அதைத் திறந்தால் வெள்ளிக்கிழமை கேப் பில் அப்ரூவல் தேதிக்கு வெளியே நிற்கும். அதனால் க்ளெய்மின் தலையில் இரண்டு விவரமும் வர வேண்டும்: டூர் ரிக்வெஸ்ட் எண், பின்னேற்பு மெயிலின் தேதி. ஒவ்வொரு செலவு வரியிலும் அது எந்த ஒப்புதலில் அடங்கும் என்று முதல், இரண்டு எனக் குறியுங்கள். அட்வான்ஸ் வவுச்சர் எண்ணும் அங்கேயே.

நோக்கத்தையும் அப்படியே நிரப்புங்கள். "கஸ்டமர் விசிட்" என்றால் விற்பனைக்குப் போனீர்களா, ரிப்பேருக்குப் போனீர்களா என்றே தெரியாது. "சர்வீஸ் கால் எண் இன்னது, சாக்கன் ஆலையில் பம்ப் நிறுவலும் அலைன்மென்ட்டும், வேலை முடியாததால் ஒரு நாள் நீட்டிப்பு" என்று எழுதினால், வாரண்டி வேலையா, பணம் வாங்கும் வேலையா என்று அந்த எண்ணை வைத்தே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பில்களுக்கு வரிசை எண் கொடுங்கள். தேதி வாரியாக அடுக்கி மூலையில் 1, 2, 3 என்று எழுதி, க்ளெய்ம் வரியிலும் அதே எண். ஒரே நீளமான பி.டி.எஃப்.பில் 420 ரூபாய் பில்லை நான் தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் "பொருந்தவில்லை" என்றுதான் எழுதுவேன். கேப் ரசீதில் ஏறிய இடம், இறங்கிய இடம் இருக்கும். நீங்கள் "ஹோட்டலில் இருந்து சைட்" என்று சேர்த்தால் போதும்.

ராஜி_மதுரை

ஆட்டோ 540க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் வைத்தால் போதுமா? நான் அப்படித்தான் கொடுக்கிறேன், யாரும் கேட்டதில்லை.

வவுச்சர்மீனா

ஜிபே காட்டுவது யாருக்கோ பணம் போனதை மட்டும். எதற்கு என்று காட்டாது, டீக்கடைக்கும் அதே ஸ்கிரீன்ஷாட்தான் வரும். ஒரு தாளில் தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, பில் கிடைக்காத காரணம் எழுதிக் கையெழுத்திட்டு, பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட் வைத்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். இதற்கும் பல கம்பெனிகளில் உச்சவரம்பு உண்டு.

கதிர், திருத்தினால் உங்கள் கணக்கு இப்படி வரும்: அறையும் வரியும் 12,600, பேட்டா 4,000, கேப் 3,460, ஆட்டோ 540, டிக்கெட் 2,850. மொத்தம் 23,450. அட்வான்ஸ் 15,000 போக வர வேண்டியது 8,450. கேஸ்கெட் 1,280 தனி வவுச்சரில் வரும். ரூம் சாப்பாடு 1,170 பேட்டாவுக்குள் அடக்கம். லாண்டரியை எடுத்துவிட்டேன்.

தணிகை71

லாண்டரியை ஏன் எடுக்கணும்? வேலைக்காக ஒரு நாள் கூடத் தங்கினார், நாலு நாளுக்குத்தான் துணி கொண்டுபோயிருப்பார். அது நியாயமான செலவு. கேட்டுப் பார்க்கட்டும்.

வவுச்சர்மீனா

நியாயம்தான் சார், மறுக்கவில்லை. பாலிசியில் லாண்டரி பற்றி ஒரு வரி இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் 350க்காக 23,450 மறுபடியும் மூன்று வாரம் நிற்கும். பின்னேற்பு மெயிலிலேயே அதையும் சேர்த்துக் கேட்பது இன்னொரு வழி.

பம்ப்_கதிர்

மேனேஜர் ஒப்புதல் கொடுத்துவிட்டார், லாண்டரியையும் சேர்த்தே. அதனால் 23,800க்குப் போட்டிருக்கிறேன். பில்களுக்கு எண் போடும்போது ஒன்று கண்ணில் பட்டது. வியாழக்கிழமை கேப் ஒன்று, 610 ரூபாய், கூட வந்த எலக்ட்ரீசியன் போனில் புக் செய்தது. ரசீது அவர் பெயரில், பணம் நான் அவருக்கு அனுப்பினேன். அவரும் டூர் பில் போடுகிறார். இதை நான் கேட்பதா, அவர் கேட்பதா?

வவுச்சர்மீனா

ரசீது யார் பெயரிலோ அவரே கேட்பது சுத்தம். அவர் வாங்கி உங்களுக்குத் திருப்பித் தரட்டும். நீங்களே கேட்பதானால், இந்த ரசீதைத் தன் பில்லில் சேர்க்கவில்லை என்று அவர் எழுதிய ஒரு வரியும், நீங்கள் அனுப்பிய பணத்தின் ஆதாரமும் வேண்டும்.

ராஜி_மதுரை

எங்க ஆபீசில் இரண்டாவதை ஏற்கவே மாட்டார்கள். வேறு ஒருவர் பெயரில் இருந்தால் நேரே வெட்டிவிடுவார்கள். க்ளெய்ம் போவதற்கு முன்னால் உங்கள் அக்கவுண்ட்ஸில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்க கதிர்.

பம்ப்_கதிர்

கேட்டேன். "அந்த 610ஐ இப்போதைக்கு எடுத்துவிட்டுப் போடுங்கள், சொல்கிறோம்" என்றார்கள். எடுத்துவிட்டு 23,190க்கு அனுப்பியிருக்கிறேன். எலக்ட்ரீசியன் பில் இன்னும் போகவில்லை, அதில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.