புதுப்பிப்பு: ஸ்லைடில் ஒரே எண்ணைப் பெரிதாகக் காட்டுதல்

என் கேள்வி: "யாழ் நூலக எரிப்பு ஸ்லைடில் 97,000 என்ற எண் எடுபடவில்லை. என்ன செய்யலாம்?"

எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது டீச்சர் அக்கா சொன்ன வழிதான். படத்தையும் பட்டியலையும் அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளிவிட்டு, எண்ணை 200 பொயின்ற் அளவில் வைத்தேன். அதன் கீழே 32இல் ஒரே வரி: "1981இல் எரிந்த நூல்களும் சுவடிகளும்". பின்வரிசையில் இருந்தவர்களும் வாசித்தார்கள்.

எதிர்பாராதது: பெரிதாக்கியதும் கடைசிச் சுழியம் அடுத்த வரிக்கு இறங்கியது. `Wrap text in shape` தெரிவை நீக்கியதும் சரி.

சிவப்பாக்கச் சொன்ன தம்பி பாதி சரி. லப்டொப்பில் எடுப்பாக இருந்தது; புரொஜெக்டரில், கறுப்புப் பின்னணியில் மங்கியது. வெள்ளையாக்கினேன்.

வரைபடத்தை அசைய வைப்பது பற்றிக் கேட்ட அண்ணை, அதைத் தனியாகக் கேளுங்கோ.

'ஏறத்தாழ' என்பதை எண்ணுக்கு மேலே வைப்பதா, கீழ்வரியிலா என்பது இன்னும் முடிவாகவில்லை.