பார்வையற்றோர் கிரிக்கெட் பந்துக்கு என்ன பேர் வைக்கலாம்?

தஞ்சாவூர்:
வணக்கம். விதிகள தமிழ்ல எழுதிட்டிருக்கேன், பந்துக்கு 'ஒலிப்பந்து'ன்னு போட்டேன், சரியா இருக்குமா?

மன்னார்குடி:
ஒலிப்பந்தே போதும் சார். உள்ள பேட்டரி வச்சு பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கும், எங்க கிடந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்.

கும்பகோணம்:
இல்லங்க தம்பி, நீங்க சொல்றது வேற பந்து. இங்க ஆடுறது வெள்ளை பிளாஸ்டிக் பந்து, உள்ள சின்னச்சின்ன இரும்பு குண்டு கிடக்கும், உருண்டா குலுங்கும், நின்னா சத்தமே வராது. நான் ஸ்கோர் எழுதப் போறவன், அறுவடை முடிஞ்ச வயல்ல பசங்க ஆடுறப்ப தாள்ல சிக்கி பந்து நின்னுடும், பக்கத்துலயே நிக்கிற பையனுக்கும் தெரியாது. அதனால 'கிலுக்குப் பந்து'ன்னு வைங்க, ஆட்டினாத்தான் சத்தம்ங்கிறது பேர்லயே வந்துடும்.

விதியெல்லாம் இந்தச் சத்தத்த வச்சுதான். கையைத் தோளுக்கு மேல தூக்காம கீழருந்துதான் போடணும், பிட்ச்சோட பாதிக்கு முன்னாடியே பந்து தரையில பட்டாகணும், இல்லன்னா நோபால். பவுலர் 'ரெடி?'ன்னு கேட்டு பேட்ஸ்மேன் 'யெஸ்'னு சொன்னப்புறம் 'ப்ளே'ன்னு சொல்லிக்கிட்டே விடுவார். அதான் ஸ்வீப் ஷாட் அதிகம் பாப்பீங்க, தரையோட வர்ற சத்தத்துக்கு அதான் தோதா இருக்கும்.

திருவாரூர்:
எங்க அக்கா பையன் சோடாபுட்டி கண்ணாடி போட்டுதான் படிப்பான், அவன் டீம்ல சேரலாமா? ரன் டபுளா கிடைக்கும்னாங்களே?

கும்பகோணம்:
அம்மா, டபுள் பி1க்கு மட்டும்தான், அதாவது சுத்தமா பார்வை இல்லாதவங்களுக்கு. பி2, பி3க்கு ஓரளவு தெரியும், அவங்க அடிச்சது அடிச்சதுதான். கண்ணாடி போட்டா நல்லா தெரியுதுன்னா எதுலயும் வராம போகலாம், கண் டாக்டர்கிட்ட அளந்து பாக்கணும். 11 பேர்ல குறைஞ்சது 4 பேர் பி1 இருக்கணும், பி3 நாலுக்கு மேல கூடாது.

ஒரு ஓவர் சொல்றேன். பி1 பையன் ஸ்வீப் பண்ணி, அவனுக்காக ரன்னர் 2 ஓடுனா ஸ்கோர்ல 4, அடுத்த பந்து பவுண்டரின்னா 8. அதுக்கடுத்து தூக்கி அடிச்சான், ஒரு தடவ தரையில பட்டு எழும்புனத பி1 பீல்டர் பிடிச்சிட்டார்னா அவுட். வானத்துல பந்து குலுங்குறது சரியா கேக்காது, தரையில பட்டாத்தானே எங்கன்னு தெரியும். அதே பந்த பி3 பீல்டர் பிடிச்சா அவுட் இல்ல.

தஞ்சாவூர்:
கிலுக்குப் பந்துன்னே மாத்திடறேன் அண்ணே. அந்த ஒரு குத்து கேட்ச்சுக்கு என்ன பேரு?

மன்னார்குடி:
'குத்துப் பிடி'?

கும்பகோணம்:
குத்துன்னா அடிக்கிறதாட்டம் இருக்கே. 'தரைதொட்ட பிடி'ங்கலாம், ஆனா மைதானத்துல கத்துறதுக்கு நீளம். நாகப்பட்டினம் பக்கம் பசங்க என்ன சொல்றாங்கன்னு யாராச்சும் கேட்டு எழுதுங்க.