சிகரெட்டை விட்ட அண்ணாவுக்குத் தலையிடி: தேத்தண்ணியைக் குறைக்கலாமா?

உறவுகளே, நாங்கள் மட்டக்களப்பு களுவாஞ்சிகுடிப் பக்கம். என் அண்ணா போன கிழமை சிகரெட்டை நிறுத்தினார். அடுத்த நாளே நெற்றியை இறுக்கிப் பிடிக்கிற மாதிரித் தலையிடி தொடங்கிவிட்டது. நிக்கோட்டின் நின்ற முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை, பிறகு படிப்படியாகக் குறைந்து இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் அடங்கும் என்று டொக்டர் சொன்னார். அது சரி. ஆனால் அண்ணாவுக்கு இரவில் நித்திரையும் இல்லை, நெஞ்சும் படபடக்கிறது.

எனக்குச் சந்தேகம் தேத்தண்ணியில்தான். சிகரெட் புகை, ஈரல் கஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். அதனால் வழமையாகக் குடிக்கிற அதே பிளேன்டீ இப்போது உடம்பில் கூட நேரம் நிற்கும். நித்திரை கெட்டால் தலையிடியும் கூடும்தானே. அதற்காக ஒரேயடியாக நிறுத்தவும் பயம், கஃபீன் திடீரென நின்றாலும் தலை இடிக்கும். இப்போதைக்குப் பின்னேரத்துக்குப் பிறகு கொடுப்பதில்லை, வயலுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். தாங்காவிட்டால் மட்டும் பனடோல். அதைத் தினமும் போட்டால் மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும்.

இப்படித் தேத்தண்ணியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாளில் தெளிந்தது? நிக்கோட்டின் சுவிங்கம் மட்டக்களப்பு, கல்முனைப் பார்மசிகளில் கிடைக்குமா? புகையிலையோடு வெற்றிலை போடுவதை விட்டவர்களும் சொல்லுங்கள், அண்ணாவின் கூட்டாளி ஒருவரும் விடப் பார்க்கிறார்.