pH சராசரியா, செறிவின் சராசரியா?

ஜேசி முதலாண்டு வேதியியல் பாடம், ஜூரோங். ஒரே நீர்த்த வினிகரை மூன்று குழுக்கள் அளந்ததில் pH 3.2, 3.4, 3.9 வந்தது. அறிக்கையில் ஹைட்ரஜன் அயனிச் செறிவை mol/L-இல் தர வேண்டும்.

சராசரி pH 3.5-ஐ கால்குலேட்டரில் 10^(-3.5) என்று போட்டால் 3.2×10⁻⁴. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றினால் 6.3×10⁻⁴, 4.0×10⁻⁴, 1.3×10⁻⁴, இவற்றின் சராசரியோ 3.9×10⁻⁴. மைனஸ் குறி விடுபடவில்லை. pH 7-க்குச் சரியாக 1×10⁻⁷ வருகிறது. மீட்டர்களை 4, 7 பஃபர்களில் அளவுதிருத்தியாயிற்று.

மின்வாயின் மின்னழுத்தம் pH-உடன்தான் நேர்கோட்டில் மாறுகிறது. அதனால் பிழையும் pH-இல்தான் சமமாகப் பரவும் என்று தோன்றுகிறது. மடக்கை அளவில் சராசரி எடுப்பது தவறு என்கிறார்கள் சக மாணவர்கள்.

அறிக்கையில் எந்தச் செறிவை எழுதுவது, ஏன்?