நேர்முகம் முடிஞ்சு பதிலே இல்லை, அதே வேலைக்கு மறுபடி விளம்பரம்

பட்டர்வொர்த் பொண்ணு: பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலை, குவாலிட்டி இன்ஜினியர் வேலை. நேர்முகம் முடிஞ்சு மூணு வாரம். நன்றி சொல்லி மெயில் போட்டேன், பதில் இல்லை. நேத்து அதே வேலை ஜாப்ஸ்ட்ரீட்ல மறுபடி வந்திருக்கு. இன்னொரு தடவை எழுதலாமா?

செலாயாங் ரவி: எழுதாதீங்க தங்கச்சி. மறுபடி விளம்பரம் போட்டாலே உங்களை வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. பின்னாலேயே போனா மதிப்புதான் குறையும்.

எச்ஆர் அக்கா: ரவி, அப்படியும் இருக்கலாம், ஆனா அது மட்டுமே காரணம் இல்லை. ஜாப்ஸ்ட்ரீட் விளம்பரத்துக்கு ஆயுள் வழக்கமா 30 நாள். தேர்வான ஆள் வந்து உட்காருறவரை அதைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிற கம்பெனிகள் உண்டு. பழைய இடத்துல சம்பளத்தை ஏத்திக் கொடுத்துட்டா, ஒப்புக்கிட்ட ஆளும் கடைசி நேரத்துல வராமப் போயிடுவாரே.

தங்கச்சி, பழைய விளம்பரத்தையும் புதுசையும் பக்கத்துல வச்சு வரி வரியா பாருங்க. ஒண்ணும் மாறலைன்னா வெறும் புதுப்பிப்பா இருக்கலாம். ஏதாவது தகுதி புதுசா சேர்ந்திருந்தா, நேர்முகம் நடத்தினப்போ மேனேஜருக்கு ஏதோ குறை தெரிஞ்சிருக்கலாம்.

ஈப்போ ரோடு தேவி: எதுக்கு இவ்வளவு? திரும்ப அப்ளை பண்ணிட்டாப் போச்சு.

எச்ஆர் அக்கா: அவங்க கேட்டது அது இல்லை தேவி. திரும்ப விண்ணப்பிச்சா புது ஆள் மாதிரி முதல் வடிகட்டலுக்குப் போகும். அங்கே ரெஸ்யூம் பார்க்கிறவருக்கு நேர்முகம் நடந்ததே தெரியாம இருக்கலாம். அதனால நேர்முகத்துக்குக் கூப்பிட்டாங்களே, அந்த மெயிலுக்கே பதிலா எழுதணும். பேசினது முழுக்க கீழேயே இருக்கும்.

பட்டர்வொர்த் பொண்ணு: பார்த்தேன்கா. "சப்ளையர் ஆடிட் அனுபவம்"னு ஒரு வரி கூடியிருக்கு. நான் செஞ்சிருக்கேன், ஆனா அன்னைக்கு யாரும் கேட்கலை.

எச்ஆர் அக்கா: அப்போ அதை வச்சே எழுதுங்க. அஞ்சே வரி, இதை ஆங்கிலத்துல மாத்தி அனுப்புங்க:

> 12ஆம் தேதி நேர்முகத்துக்கு வந்திருந்தேன். புதிய விளம்பரத்தில் சப்ளையர் ஆடிட் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். பிறையிலும் கூலிமிலும் மூன்று சப்ளையர்களிடம் ஆடிட் நடத்தி, திருத்த நடவடிக்கை முடியும்வரை பின்தொடர்ந்திருக்கிறேன். வேலையில் இன்னும் ஆர்வம் உண்டு. 4 வார நோட்டீஸில் சேர முடியும்.

இடமும் எண்ணிக்கையும் உங்களோடதா இருக்கணும். நோட்டீஸ் வாரத்தை உங்க ஒப்பந்தத்தைப் பார்த்துப் போடுங்க. "ஏன் பதில் தரலை"ங்கிற தொனி எங்கேயும் வேணாம்.

செலாயாங் ரவி: ஆடிட் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா "விளம்பரத்தைப் பார்த்தேன்"ங்கிற வரியை எடுத்துடுங்க. குத்திக்காட்டுற மாதிரி இருக்கு.

எச்ஆர் அக்கா: அதை எடுத்துட்டா ஆடிட் பேச்சு திடீர்னு எங்கிருந்து வந்துச்சுன்னு புரியாதே. நான் வச்சுக்குவேன்.

செலாயாங் ரவி: நான் வைக்க மாட்டேன். "அன்று சொல்ல விட்டுப்போனது ஒன்று"ன்னு ஆரம்பிச்சாலே போதும்.

பட்டர்வொர்த் பொண்ணு: ஏஜென்ட் மூலமா போன வேலை அக்கா இது. அதை முதல்லயே சொல்லியிருக்கணும்.

எச்ஆர் அக்கா: அப்படின்னா கம்பெனிக்கு நேரா எழுதாதீங்க. ஆளை அனுப்பினதுக்கு ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு, நீங்க தாண்டிப் போனா ரெண்டு பக்கமும் சிக்கல். இதே அஞ்சு வரியை ஏஜென்டுக்கு அனுப்பி, மேனேஜர்கிட்ட சேர்க்கச் சொல்லுங்க. அஞ்சு வேலை நாள் பார்த்துட்டு அவருக்கு ஒரு போன்.