மிக்சி ஓடியதா இல்லையா: கூலஸ்ட் கூலர் வீடியோ பஞ்சாயத்து

பொறிகடலை (வேறொரு திரியில் எழுதியது):
"மிக்சியும் ஸ்பீக்கரும் வைத்த ஐஸ் பெட்டி, அதுதான் கூலஸ்ட் கூலர், அதைக் கொண்டுவந்த ஆளை மோசடிக்காரர் என்பவர்கள் முதலில் 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில், அதாவது பொருள் செய்வதற்கு முன்பே மக்களிடம் பணம் திரட்டும் தளத்தில், வந்த வீடியோவைப் பார்க்கவும். மிக்சி ஓடுகிறது. ஸ்பீக்கர் பாடுகிறது. வேலை செய்கிற பொருளைக் காட்டிவிட்டுத்தான் பணம் கேட்டார். அப்புறம் பெட்டி வரவில்லை என்று என்ன புகார்?"

அம்பத்தூர் லேத்:
இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. தம்பி, மிக்சி ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு மிக்சி ஓடியது. பணம் கட்டியவர்கள் 62,642 பேர்.

நான் 28 வருஷம் மோல்டு பட்டறையில் இருந்தவன். கண்காட்சிக்கு சாம்பிள் கேட்டு வருவார்கள். பிளாஸ்டிக் கட்டையை மில்லிங்கில் கடைந்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுப்போம். ஷோரூம் பொருள் தோற்றுவிடும். மோல்டில் அடித்த பொருளைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம், பொருளை மோல்டிலிருந்து வெளியே தள்ளும் ஊசி பதித்த வட்டத் தடம் சின்னதாக இருக்கும், இரண்டு பாதி சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு ஓடும். கையால் செய்த சாம்பிளில் இரண்டுமே இருக்காது. ஆகவே வீடியோவில் ரொம்ப அழகாக இருந்தால் நான் பயப்படுவேன். அந்தப் பொருளை இன்னும் ஒரு தொழிற்சாலையும் தொடவில்லை என்று அர்த்தம்.

பொறிகடலை:
சார், பட்டறை வரலாறு யாரும் கேட்கவில்லை. ஒரே கேள்வி. வீடியோவில் மிக்சி ஓடியதா, இல்லையா?

இலக்கணப்புலி:
இருவருக்கும் பணிவான திருத்தம். அது மிக்சி அன்று, பிளெண்டர். மிக்சியில் சட்னி அரைக்கலாம். இதில் ஐஸும் சாராயமும்தான்.

பொறிகடலை:
வந்துவிட்டார்.

அம்பத்தூர் லேத்:
ஓடியது ஓடியது என்கிறீர்களே, அதே ஆள் 2013 கடைசியில் ஒரு முறை வந்து தோற்றது தெரியுமா? அப்போது கேட்டது 1,25,000 டாலர். சேர்ந்தது 1,02,188. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொடாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி விற்றால் யார் வாங்குவார்கள்? அடுத்த ஜூலையில் தோற்றத்தை மெருகேற்றி, வெயிலில் திரும்ப வந்தார். இந்த முறை கேட்டது எவ்வளவு? வெறும் 50,000.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. பெட்டிக்குள் மிக்சி, பேட்டரி, புளூடூத் ஸ்பீக்கர், போன் சார்ஜர், மூடியில் விளக்கு. முதல் தடவை 1,25,000 தேவைப்பட்டது எட்டு மாதத்தில் எப்படி 50,000 ஆகும்? இந்த வகைப் பெட்டிக்கு மோல்டு செலவே அதைத் தின்றுவிடும். ஆக, இலக்கு என்று பக்கத்தில் போட்டிருந்தது செலவுக் கணக்கு இல்லை. எளிதாகத் தாண்டக்கூடிய கோடு. தாண்டியதும் "இலக்கு தாண்டிவிட்டது" என்று செய்தி, செய்தியைப் பார்த்து இன்னும் கூட்டம்.

சுங்குடி:
நானும் பட்டவள், அதனால் சொல்கிறேன். ஒரு கேம்பெய்னில் பேட்டரியில் தானே சூடாகும் டிபன் பாக்ஸுக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். வீடியோவில் அந்தப் பையன் ஆஸ்டலில் ஆறிய சாப்பாடு சாப்பிட்ட கதை, அம்மாவின் போட்டோ, எல்லாம் வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு பெட்டியை மூடுவார். அடுத்த ஷாட்டில் திறப்பார், ஆவி பறக்கும்.

26 மாதம் கழித்து, கஸ்டம்ஸ் வரி வேறு கட்டி, கைக்கு வந்தது. முக்கால் மணி நேரம் வைத்தேன். தயிர்சாதம் வெதுவெதுப்பானது, அவ்வளவுதான். இப்போது வீடியோவைத் திரும்பப் பார்த்தால் புரிகிறது. மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டுக்குள் எத்தனை நிமிஷம் போனது என்று யாருக்குத் தெரியும்?

இலக்கணப்புலி:
தயிர்சாதத்தை எதற்கு அம்மா சூடாக்கினீர்கள்?

சுங்குடி:
சோதனைக்கு சார். சாம்பாரை ஊற்றி வீணாக்கச் சொல்கிறீர்களா?

பொறிகடலை:
மேடம், உங்கள் கதை வருத்தமானதுதான். ஆனால் கூலரில் அப்படி வெட்டு இல்லை. மிக்சி ஓடுகிறது, சத்தம்கூடக் கேட்கிறது. அவர் கதையும் பொய் இல்லை. பழைய புல்வெட்டும் மெஷினில் மிக்சி செய்தவர், கார் ஸ்டீரியோவைப் பெட்டியில் பொருத்தியவர். அசல் ஆள்.

அம்பத்தூர் லேத்:
புல்வெட்டும் மெஷினை மிக்சி ஆக்குகிறவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்லை. ஒன்று செய்கிற கெட்டிக்காரர். அந்தக் கதையே அதைத்தான் சொல்கிறது. கேட்கிறவருக்கு மட்டும் வேறு மாதிரிக் காதில் விழுகிறது. 62,000 செய்து வீட்டு வாசலில் இறக்குவது வேறு தொழில். கதையில் வர வேண்டியது எந்தத் தொழிற்சாலை, மோட்டார் யாரிடம் வாங்குகிறார், அவர் தராவிட்டால் அடுத்து யார். 2015-ல் தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? மிக்சி மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். நீங்கள் ஓடியது ஓடியது என்கிறீர்களே, அதே மிக்சி.

கணக்குப்பிள்ளை (ஓய்வு):
உணர்ச்சி வேண்டாம், எண்ணைப் பார்ப்போம். வந்தது 1,32,85,226 டாலர். 62,642 ஆல் வகுத்தால் தலைக்கு 212. கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம், பணப் பரிவர்த்தனைக்கு ஏறக்குறைய 3 சதவீதம், மொத்தம் 17 போகட்டும். 195 மிச்சம். ஒரு ஐஸ் பெட்டிக்கு 195 டாலர் போதாதா? மேலும் எண்ணிக்கை கூடக் கூடச் செலவு குறையும். இது பாலபாடம். எனவே பணம் வேறெங்கோ போயிருக்கிறது.

அம்பத்தூர் லேத்:
ஐயா, பாதி சரி. எண்ணிக்கை கூடினால் குறைவது மோல்டு செலவு. மோட்டார், பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் வெளியே வாங்குகிற சாமான். விலை கொஞ்சம் இறங்கும், அப்புறம் நின்றுவிடும். லாரி வாடகை இறங்கவே இறங்காது. ஐஸ் பெட்டி என்பது பாதிக்கு மேல் காற்று. கூரியர்காரன் தராசில் மட்டும் வைக்க மாட்டான், நீளம் அகலம் உயரம் அளந்து அதற்கும் காசு கேட்பான்.

அந்த 212 சராசரியும் ஏமாற்றும். முந்திக்கொண்டவர்களுக்கு 165, பெரும்பாலோருக்கு 185. 185-ல் கமிஷன் 15 போனால் 170. ஒரு பெட்டியை வீடு சேர்க்க 200 ஆகிறது என்று வையுங்கள் (என் கற்பனை எண், சண்டைக்கு வராதீர்கள்). ஒன்றுக்கு 30 நஷ்டம். 50 பேர் என்றால் 1,500 டாலர், மச்சினனிடம் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். 60,000 பேர் என்றால் 18 லட்சம் டாலர். குறைத்து விலை போட்டவனை வெற்றிதான் கொல்லும். நாலு காசு விவரம் தெரிந்தவர்கள் மலிவான விலைக்கு "முதல் 500 பேர் மட்டும்" என்று வரம்பு போட்டு, மேலே விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

கணக்குப்பிள்ளை (ஓய்வு):
கற்பனை எண்ணை வைத்து என் கணக்கைத் தவறு என்கிறீர். இன்வெர்ட்டர் பேட்டரித் திரியிலும் இதையேதான் செய்தீர்.

அம்பத்தூர் லேத்:
இன்வெர்ட்டர் பேட்டரித் திரியில் நான் சொன்னதுதான் நடந்தது.

கணக்குப்பிள்ளை (ஓய்வு):
நடக்கவில்லை. என் பேட்டரி இன்றும் ஓடுகிறது.

பொறிகடலை:
ஓடுகிறது! அதேதான் நானும் சொல்கிறேன். மிக்சியும் ஓடியது.

வெட்டிப்பேச்சு:
கிக்ஸ்டார்ட்டரில் வீடியோவுக்கு விதி உண்டே. 2012 செப்டம்பரிலேயே கேட்ஜெட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைந்த பொய்ப்படம் கூடாது என்றார்கள். ஸ்கார்ப் லேசர் ரேசர் ஞாபகம் இருக்கிறதா? 2015-ல் 40 லட்சம் டாலருக்கு மேல் உறுதிமொழி. பிறகு வந்த வீடியோவில் லேசர் ஒவ்வொரு முடியாகத் தடவித் தடவி அறுத்தது. அதற்குள் சலூனில் மூன்று பேருக்கு ஷேவ் முடிந்திருக்கும். வேலை செய்யும் மாதிரிப் பொருள் கையில் இல்லை என்று கிக்ஸ்டார்ட்டர்காரர்கள் அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். கூலரை நிறுத்தவில்லை. அப்படியானால் கூலருக்கு கிக்ஸ்டார்ட்டரே உத்தரவாதம் கொடுத்தது என்றுதானே அர்த்தம்? பணத்தை அவர்கள்தான் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

அம்பத்தூர் லேத்:
ஸ்கார்ப் சரி. முடிவு தப்பு. "இது கடை இல்லை" என்று கிக்ஸ்டார்ட்டர் தலைப்பிலேயே எழுதியது அதே 2012-ல்தான். மாதிரிப் பொருள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 62,000 செய்ய முடியுமா என்று பார்ப்பதில்லை. ஸ்கார்ப் இடையிலேயே நின்றதால் யார் கார்டிலும் பணம் எடுக்கவில்லை. கூலருக்குப் பணம் திரட்டுவது முழுதாக முடிந்தது, பணம் போனது. வேடிக்கையைப் பாருங்கள், மிக்சி ஓடாமல் இருந்திருந்தால் அத்தனை பேர் பணமும் தப்பித்திருக்கும்.

பொறிகடலை:
ஆக, ஓடியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

சுங்குடி:
முதல் பதிவிலேயே ஒப்புக்கொண்டாரே தம்பி, பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். நான் கேட்பது வேறு. பணம் கட்டியவர்கள் காத்திருக்க, 2015 நவம்பரில் அதே பெட்டியை அமேசானில் 400, 500 டாலருக்கு விற்றார்களே, அது எந்த நியாயம்?

அம்பத்தூர் லேத்:
நியாயம் இல்லை, ஆனால் காரணம் உண்டு. பழைய ஆளுக்கு ஒரு பெட்டி அனுப்பினால் செலவு மட்டும்தான், அவர் பணம் எப்போதோ கரைந்தது. புது ஆளுக்கு அனுப்பினால் கையில் காசு வரும். அடுத்த ஏப்ரலில் பழைய ஆட்களிடமே 97 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் சீக்கிரம் அனுப்புகிறேன் என்றார்கள். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

பொறிகடலை:
கடைசியில் மூடியதற்குக் காரணம் அமெரிக்கா சீனப் பொருளுக்குப் போட்ட வரி. நிறுவனமே அப்படித்தான் சொன்னது.

அம்பத்தூர் லேத்:
தம்பி, அந்த வரி தொடங்கியது 2018-ல். வீடியோவுக்குக் கீழே டெலிவரி என்று போட்டிருந்தது 2015 பிப்ரவரி. 2017-ல் ஓரிகன் மாநில நீதித்துறையோடு சமரசம் வரைக்கும் போயாயிற்று. 2019 டிசம்பரில் கடையைச் சாத்தும்போது ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி போகவில்லை. வராத வரியைக் கண்டு மூன்று வருஷம் முன்னாலேயே பயந்தார்களாக்கும்.

பொறிகடலை:
40,000 பேருக்குப் போய்ச் சேர்ந்ததே, அதைச் சொல்ல மாட்டீர்கள். என் சித்தப்பாவின் நண்பர் டெக்சாஸில் இருக்கிறார். அவர் பெட்டி இன்றும் நன்றாக இருக்கிறது.

சுங்குடி:
மிக்சி?

பொறிகடலை:
அதை அவர் பயன்படுத்துவதில்லையாம்.

இலக்கணப்புலி:
பிளெண்டர்.